ஆறு நட்சத்திரத்தில் ஐந்து உதிர்ந்த கதை: பாய்ஸான் மாடலைப் பழுதுபார்த்த ஒரு சனிக்கிழமை

சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் ஓர் எண்ணிக்கைத் தரவுக்குப் பாய்ஸான் மாடல் போட்டுக் கொடுத்தேன். போட்ட காரணிகள் எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நட்சத்திரம், அதாவது விளைவு மிக உறுதி என்று மென்பொருள் போடும் குறி. அறிக்கை வாங்கியவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அடுத்த காலாண்டுத் தரவு வந்ததும் அதே மாடலை ஓட்டினேன். பாதிக் காரணிகளின் திசையே மாறிப்போயிருந்தது. அவ்வளவு உறுதியாக இருந்த விஷயம் மூன்று மாதத்தில் தலைகீழாகுமா? ஆகாது. முதல் முறையே அது உறுதியாக இல்லை. மாடல்தான் உறுதி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் தரவை இங்கே போட முடியாது. அதனால் அதே நோய் உள்ள, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு தரவை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். ஆர் மென்பொருளை நிறுவினாலே கூட வரும் `MASS` தொகுப்பில் இருக்கும் `quine`தான் அது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள வால்கெட் என்ற ஊரில், 146 பள்ளிப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டில் எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்ற கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு விவரம் உண்டு: பூர்வகுடியா இல்லையா (`Eth`), ஆணா பெண்ணா (`Sex`), வகுப்பு நிலை (`Age`, `F0` முதல் `F3` வரை), படிப்பில் சராசரியா மெதுவா (`Lrn`). "மெதுவாகக் கற்பவர்" என்று பிள்ளைகள் மேல் முத்திரை குத்துவது அந்தக் காலத்து வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தரவில் இருக்கும் பெயர் அதுதான்.

முதலில் அலுவலகத்தில் செய்த அதே தப்பை இங்கேயும் செய்தேன்.

```r
library(MASS)
m1 <- glm(Days ~ Eth + Sex + Age + Lrn,
          family = poisson, data = quine)
summary(m1)
```

வந்த முடிவில் ஆறு கெழுக்களுக்கும் மூன்று நட்சத்திரம். உதாரணத்துக்கு `SexM` வரிசை: மதிப்பு 0.162, திட்டப்பிழை 0.043, z மதிப்பு 3.8, p மதிப்பு 0.000145. பையன்கள் பெண்பிள்ளைகளைவிட சுமார் 18 சதவீதம் அதிக நாள் வரவில்லை என்றும், உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டால் தற்செயலாக இவ்வளவு தெரிய வாய்ப்பு பத்தாயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் என்றும் மாடல் சொல்கிறது. நட்சத்திரங்களை மட்டும் பார்க்கிறவர் இங்கேயே கோப்பை மூடிவிடுவார். நான் மூடியிருக்கிறேன்.

பார்க்க வேண்டிய வரி அதற்குக் கீழே, கடைசியில் இருக்கிறது. ரெசிடுவல் டீவியன்ஸ் 1696.7, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 139. மாடல் பொருந்தியிருந்தால் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இங்கே ஒன்று மற்றொன்றைப் போலப் பன்னிரண்டு மடங்கு. காய்ச்சல் பார்க்கும் கருவி உடைந்துவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்குக் காய்ச்சல்.

டீவியன்ஸை மட்டும் நம்பக் கூடாது. சராசரி எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இருக்கும் தரவில் இந்த விகிதம் பொய் சொல்லும். உள்ளே சிதறல் அதிகமாக இருந்தாலும் ஒன்றுக்கும் குறைவாகவே காட்டிவிடக்கூடும். அதனால் பியர்சன் எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி வகுத்துப் பார்ப்பது என் வழக்கம்:

```r
sum(residuals(m1, "pearson")^2) / df.residual(m1)
```

13.17 வந்தது. ஒன்று வந்திருக்க வேண்டிய இடம் அது. இதைத்தான் ஓவர்டிஸ்பெர்ஷன் என்கிறார்கள், தமிழில் மிகைச் சிதறல் என்று சொல்லலாம். பாய்ஸான் பரவலில் வேரியன்ஸும் சராசரியும் சமம். அந்தப் பரவலுக்கு இருப்பது ஒரே ஒரு திருகு. சராசரியைத் திருகினால் சிதறல் தானாக முடிவாகிவிடும், தனியாகத் திருப்ப முடியாது. இந்தத் தரவில் மொத்தச் சராசரி 16.5 நாள், வேரியன்ஸ் 264.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். காரணிகளைச் சரியாகச் சேர்க்காததால் வந்த சிதறலாக இருக்கலாமே? பையன்-பெண் வித்தியாசம் வகுப்புக்கு வகுப்பு மாறலாம், அதை மாடலில் விட்டிருக்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு. நான்கு காரணிகளின் எல்லாக் கூட்டு விளைவுகளையும் போட்டு, இருக்கிற 28 குழுக்களுக்கும் தனித்தனிச் சராசரியைக் கொடுத்துவிடலாம். இதற்கு மேல் இந்த விவரங்களை வைத்துக்கொண்டு ஒரு மாடலால் எதையும் செய்ய முடியாது.

```r
glm(Days ~ Eth * Sex * Age * Lrn,
    family = poisson, data = quine)
```

டீவியன்ஸ் 1174 ஆக இறங்கியது, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 118. இன்னமும் பத்து மடங்கு. ஆக, பெரும்பகுதிச் சிதறல் குழுக்களுக்கு உள்ளேயே இருக்கிறது. நம்பாவிட்டால் ஒரு குழுவைப் பிரித்துப் பாருங்கள்:

```r
with(quine, Days[Eth == "A" & Sex == "M" &
                 Age == "F2" & Lrn == "SL"])
# 6 32 53 57
```

நான்கு பையன்கள். தரவைப் பொறுத்தவரை நான்கு பேரும் ஒரே அச்சு. ஒருவன் 6 நாள்தான் வரவில்லை, இன்னொருவன் 57 நாள். சராசரி 37, வேரியன்ஸ் 547. பாய்ஸான் கணக்குப்படி இங்கே வேரியன்ஸும் 37ஐ ஒட்டியே இருக்க வேண்டும், அதாவது நான்கு பேரும் பெரும்பாலும் 25க்கும் 49க்கும் நடுவில் விழ வேண்டும். மூன்று பேர் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஏன் இப்படி என்பது யாருக்கும் புரியக்கூடியதுதான். பள்ளிக்குப் போகாத நாட்கள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே வருவதில்லை. காய்ச்சல் வந்தால் சேர்ந்தாற்போல நான்கு நாள் போகும். ஊருக்குப் போனால் ஒரு வாரம். அப்புறம், ஒரே வகுப்பில் இருந்தாலும் வீட்டுக்கு வீடு நிலைமை வேறு. அது எதுவும் நான்கு பத்திகளில் ஏறியிருக்காது. பாய்ஸானோ ஒவ்வொரு நாளும் மற்ற நாளிலிருந்து சுதந்திரமானது, ஒரே குழுவில் எல்லாருக்கும் ஒரே வீதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, பழுது தெரிந்துவிட்டது. முதல் மருந்து மலிவானது, குவாசி-பாய்ஸான். குடும்பப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

```r
m2 <- update(m1, family = quasipoisson)
```

கெழுக்கள் ஓர் இம்மிகூட மாறாது. முன்னால் கணக்கிட்ட 13.17இன் வர்க்கமூலம் 3.63, எல்லாத் திட்டப்பிழைகளும் அந்த மடங்கில் பெருகும், அவ்வளவுதான். `SexM` திட்டப்பிழை 0.043இலிருந்து 0.154 ஆனது. t மதிப்பு 1.05, p மதிப்பு 0.30. பத்தாயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றை நெருங்கிவிட்டது. `Age` வரிசைகள் மூன்றும், `LrnSL` வரிசையும் 0.05 கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நின்றது `EthN` மட்டும்: மதிப்பு −0.534, திட்டப்பிழை 0.152, p மதிப்பு 0.0006. பூர்வகுடி அல்லாத பிள்ளைகள் வராத நாட்கள், பூர்வகுடிப் பிள்ளைகளுடையதில் சுமார் 59 சதவீதம். இந்த வித்தியாசம் பெரியது, எந்த மாடலிலும் நிற்கிறது. ஆனால் ஏன் என்று இந்தத் தரவு சொல்லாது. வீட்டுச் சூழல், பள்ளி நடத்திய விதம் எதுவுமே அதில் இல்லை.

குவாசியில் இரண்டு சங்கடம். இது ஒரு முழுப் பரவல் கிடையாது, சராசரிக்கும் வேரியன்ஸுக்கும் உள்ள உறவு மட்டும்தான். அதனால் `AIC` கேட்டால் `NA` என்று வரும். இரண்டு மாடல்களை ஒப்பிட `anova` போடும்போது `test = "F"` என்று கொடுக்க வேண்டும். பழக்க தோஷத்தில் கையி-வர்க்கச் சோதனையையே நான் முதலில் போட்டேன். அடுத்த சங்கடம், "ஒரு பிள்ளை 40 நாளுக்கு மேல் வராமல் போக எவ்வளவு வாய்ப்பு?" மாதிரியான கேள்விக்கு இதனிடம் பதில் இல்லை. பரவலே இல்லாத இடத்தில் நிகழ்தகவு எங்கிருந்து வரும்?

அடுத்தது நெகடிவ் பைனாமியல்.

```r
m3 <- glm.nb(Days ~ Eth + Sex + Age + Lrn, data = quine)
summary(m3)
```

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளுக்குள் தனக்கென்று ஒரு வீதம் இருக்கிறது, அந்த வீதங்கள் காமா பரவலில் விரிந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் வருவது இந்தப் பரவல். வேரியன்ஸ் சூத்திரம் `mu + mu^2/theta`. தீட்டா சிறிதாக ஆக, பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் பெரிதாகும். தீட்டா மிகப் பெரிதானால் இரண்டாவது பகுதி மறைந்து பழைய பாய்ஸானே மிஞ்சும். இங்கே தீட்டா 1.275, அதன் திட்டப்பிழை 0.161. இதை இப்படிப் படிக்கலாம்: ஒரே குழுவில் இருக்கும் பிள்ளைகளின் உள்ளார்ந்த வீதங்கள், அந்தக் குழுவின் சராசரியில் 89 சதவீதத் திட்டவிலக்கத்தோடு விரிந்து கிடக்கின்றன. 6, 32, 53, 57 என்று பார்த்த பிறகு இந்த எண் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

`AIC` பாய்ஸானுக்கு 2299.2, இதற்கு 1109.2. ஒரே ஒரு கூடுதல் அளவுருவுக்கு 1190 புள்ளி இறக்கம். டீவியன்ஸ் 168, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் அதே 139. காய்ச்சல் இறங்கிவிட்டது. நட்சத்திரக் கணக்கில் குவாசி சொன்ன கதையேதான்: `EthN` நிற்கிறது, மற்ற ஐந்தும் 0.05ஐத் தாண்டிவிட்டன.

ஆனால் ஒன்று என்னை நிறுத்தியது. குவாசியில் `SexM` கெழு 0.162. நெகடிவ் பைனாமியலில் 0.082. திட்டப்பிழை மாறும் என்று தெரியும், கெழு எப்படிப் பாதியானது? தரவும் அதே, காரணிகளும் அதே, லாக் இணைப்பும் அதே.

அரை மணி நேரம் குறியீட்டில் தப்பு தேடினேன். தப்பு அங்கே இல்லை. மாடல் ஒவ்வொரு பிள்ளையின் பேச்சுக்கும் எவ்வளவு காது கொடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாய்ஸானிலும் குவாசியிலும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் எடை அதன் எதிர்பார்ப்புச் சராசரியே. 30 நாள் எதிர்பார்க்கப்படும் பிள்ளைக்கு, 10 நாள் பிள்ளையைப் போல மூன்று மடங்கு எடை. நெகடிவ் பைனாமியலில் எடை `mu/(1 + mu/theta)`. 10 நாள் பிள்ளைக்கு 1.13, 30 நாள் பிள்ளைக்கு 1.22. கிட்டத்தட்ட சமம். ஆக, அதிக நாள் வராத குழுக்களில் பையன்-பெண் வித்தியாசம் எப்படி இருக்கிறதோ, அதைக் குவாசி உரக்கச் சொல்கிறது. நெகடிவ் பைனாமியல் எல்லாக் குழுக்களுக்கும் ஏறக்குறைய ஒரே குரல் கொடுக்கிறது. இந்த இரண்டு பதிலும் இவ்வளவு விலகுவதே, ஒரே பையன்-பெண் விகிதம் எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தவில்லை என்பதற்கு ஒரு தடயம். காரணிகளின் கூட்டு விளைவைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

சேர்த்தும் பார்த்தேன். எல்லாக் கூட்டு விளைவுகளோடும் `glm.nb` போட்டால் தீட்டா 1.93 ஆக ஏறுகிறது. அதாவது முதலில் வந்த 1.275இல் ஒரு பகுதி பிள்ளைகளின் இயல்பான வித்தியாசம், இன்னொரு பகுதி நான் மாடலில் விட்டுவிட்ட கூட்டு விளைவுகள். தீட்டா ஒரு குப்பைக்கூடையும்கூட. நாம் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் போய் விழும். 28 கெழுக்களை வைத்துக்கொண்டு 146 பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை, அதனால் முழு மாடலை வைத்துக்கொள்ளவில்லை.

குவாசியா, நெகடிவ் பைனாமியலா என்பதற்குக் குழுவாரியாகச் சராசரியையும் வேரியன்ஸையும் வரைந்து பார்ப்பதுதான் வழி. புள்ளிகள் நேர்கோட்டில் ஏறினால் குவாசி, வளைந்து மேலே போனால் நெகடிவ் பைனாமியல். பாடத்தில் இது சுலபம். இங்கே அந்த நால்வர் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 37க்குக் குவாசி எதிர்பார்க்கும் வேரியன்ஸ் 487, நெகடிவ் பைனாமியல் எதிர்பார்ப்பது 1111. கிடைத்தது 547. குவாசிக்கு ஜெயம் என்று தோன்றும், ஆனால் நான்கு பேரை வைத்து வேரியன்ஸ் கணிப்பது கையால் காற்றை அளப்பது மாதிரி. ஏழெட்டுப் பேருக்குக் குறைந்த குழுக்கள் இப்படி நிறைய உண்டு. படம் வரைந்தேன், இரண்டு பக்கமும் வாதாட இடம் இருந்தது. கடைசியில் கேள்வியை வைத்துத்தான் முடிவெடுத்தேன். எந்தக் காரணி முக்கியம் என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே பதில். நிகழ்தகவு வேண்டுமென்றால் நெகடிவ் பைனாமியல்.

```r
pnbinom(40, size = 1.275, mu = 18.1,
        lower.tail = FALSE)
```

18.1 என்பது அடிப்படைக் குழுவுக்கு, அதாவது `F0` வகுப்பில் சராசரியாகப் படிக்கும் பூர்வகுடிப் பெண்பிள்ளைகளுக்கு `m3` கொடுக்கும் சராசரி. அவர்களில் ஒருத்தி 40 நாளுக்கு மேல் வராமல் போக வாய்ப்பு சுமார் 10 சதவீதம். இதே கேள்வியைப் பாய்ஸான் மாடலிடம் கேட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் என்கிறது. ஒரு பள்ளி இந்தப் பதிலை நம்பித் திட்டம் போட்டிருந்தால், நெடுநாள் வராத பிள்ளைகளே இருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். தரவில் 81 நாள் வராத பிள்ளையே இருக்கிறது.

எல்லா எண்ணிக்கைத் தரவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு `glm.nb` போட்டுவிடலாமா என்று தோன்றும். போட்டுப் பார்த்தேன், புகழ்பெற்ற குதிரை உதைத் தரவில். பிரஷ்யப் படையின் பத்துப் பிரிவுகளில், 1875 முதல் 1894 வரை இருபது ஆண்டுகளில், குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு அது. 200 பதிவுகள், சராசரி 0.61, வேரியன்ஸும் 0.61. மிகைச் சிதறலே இல்லாத இடத்தில் தீட்டா பிடிமானம் இல்லாமல் முடிவிலியை நோக்கி ஓடும்; `iteration limit reached` என்று எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் சுற்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பாய்ஸானே போதும் என்று தரவு சொல்கிறது.

என் அலுவலகத் தரவுக்குத் திரும்பினேன். அங்கே பியர்சன் விகிதம் 9க்கு மேல் இருந்தது. ஆனால் அதில் பாதி என் கைவேலை. ஒவ்வொரு மையத்திலும் கணக்கெடுத்த நாட்கள் வேறு வேறு. சிலது 30 நாள், சிலது 90 நாள். `offset(log(naatkal))` போட மறந்திருந்தேன். அதைச் சேர்த்ததும் விகிதம் 4க்கு இறங்கியது. மீதிதான் உண்மையான சிதறல், அதற்கு நெகடிவ் பைனாமியல். `quine`இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கல்வியாண்டு என்பதால் இந்தப் பிரச்சினை எழவில்லை.

திங்கட்கிழமை இதையெல்லாம் அலுவலகத் தம்பி ஒருவனிடம் சொன்னேன். அவன் பைத்தானில் போட்டுப் பார்த்துவிட்டு மதியம் வந்தான். "அண்ணா, உங்களுக்கு `EthN` திட்டப்பிழை 0.153ன்னு வருது, எனக்கு 0.17 பக்கம் வருது. எதுல தப்பு?"

அவன் திரையைப் பார்த்தேன். `statsmodels` நூலகத்தில் `GLM`ஐயும் `families.NegativeBinomial()`ஐயும் சேர்த்துப் போட்டிருந்தான். அது சிதறல் அளவுருவைத் தரவிலிருந்து கணிப்பதில்லை. நாம் கொடுக்காவிட்டால் `alpha` 1 என்று தானாக வைத்துக்கொள்ளும். அங்கே `alpha` என்பது ஆர் சொல்லும் தீட்டாவின் தலைகீழ். நம் தீட்டா 1.275 என்றால் `alpha` 0.784 வர வேண்டும். தரவிலிருந்தே கணிக்க வேண்டுமானால் `smf.negativebinomial` போட வேண்டும். மாற்றி ஓட்டினான், 0.78 வந்தது.

"எச்சரிக்கை ஒண்ணு செவப்பா வந்துச்சுண்ணா, நான்தான் படிக்கல" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. திருத்திய அறிக்கையை அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் இன்னும் பாதியில் நின்றுகொண்டிருந்தது.